புத்தர் அப்படிச் சொன்னாரா? ஒரு வைரல் வரியின் மூலத்தைத் தேடி

“யார் சொல்லியிருந்தாலும், எங்கு படித்திருந்தாலும், நானே சொல்லியிருந்தாலும், உன் புத்திக்கும் பொது அறிவுக்கும் பொருந்தாத எதையும் நம்பாதே.” கண்மூடி அமர்ந்திருக்கும் புத்தர் படம், கீழே அவர் பெயர். வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. இதே வரி பெரியார் படத்தோடும் சுற்றுகிறது. ஒரே வாசகம், அதே சொற்கள், நடுவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் இடைவெளி உள்ள இரண்டு பேர். இது ஒன்றே போதும், பகிர்வதற்கு முன் கையை நிறுத்தி வைக்க.

வரி நன்றாக இருக்கிறது, யார் சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வரி நன்றாக இருந்தால் அதைப் பெயர் இல்லாமலே பகிரலாமே. பெயர் போடுகிறோம் என்றால், அந்தப் பெயரின் மதிப்பை அந்த வரிக்குக் கடன் வாங்குகிறோம். கொடுத்தவர் உண்மையில் கொடுத்தாரா என்று பார்ப்பது கடன் வாங்குபவரின் பொறுப்பு. அதோடு, இந்த வரியின் விஷயத்தில் மூலத்தைத் தேடிப் போனால் கிடைப்பது வெறும் ‘ஆம், இல்லை’ அல்ல. புத்தர் பேசியதாக மரபு சொல்வது படத்தில் இருப்பதைவிடக் கடினமானது, எனக்கு அதைவிட அழகானதும்கூட.

முதலில் படத்தையே பார்ப்போம். பெயர் இருக்கிறது, எங்கே சொன்னார் என்பது இல்லை. புத்தரைப் பொறுத்தவரை இது பெரிய குறை. தேரவாத பௌத்தம் புத்தரின் மொழியாக ஏற்கும் உரைகள் பெரும்பாலும் பாலி மொழியில் சுத்த பிடகம் என்ற தொகுப்பில் இருக்கின்றன. அது தீக நிகாயம், மஜ்ஜிம நிகாயம், சம்யுத்த நிகாயம், அங்குத்தர நிகாயம், குத்தக நிகாயம் என்று ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பெயரும் எண்ணும் உண்டு. குறளுக்கு எண் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ‘புத்தர் சொன்னார்’ என்று ஒரு வரி வந்தால் அனுப்பியவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த நிகாயம், எந்தச் சூத்திரம்? பெரும்பாலும் அவருக்கும் தெரியாது. அவருக்கு வந்ததை அவர் அனுப்பினார், அவ்வளவுதான்.

இரண்டாவதாக, வாசகத்துக்குள்ளேயே ஒரு தடயம் இருக்கிறது: “எங்கு படித்திருந்தாலும்.” புத்தர் காலத்தில் சமயப் போதனைகளை யாரும் புத்தகமாகப் படிக்கவில்லை. குரு சொல்ல, சீடர் காதால் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். புத்தரின் உரைகளே அப்படி வாய்வழியாகத்தான் பல நூறு ஆண்டுகள் வந்தன. பொ.மு. முதல் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் ஆட்சியில், இலங்கையில் அவை ஏட்டில் எழுதப்பட்டன என்பது பௌத்த மரபு. மாத்தளை அருகே உள்ள அலுவிகாரையை அந்த இடமாகக் காட்டுவார்கள். புத்தகம் படிக்கும் ஒரு சமூகத்தைப் பார்த்து எழுதிய வாக்கியம் அதற்கு முந்தைய காலத்து வாயிலிருந்து வந்திருக்க முடியுமா என்ற சந்தேகம் இங்கே நியாயமானது. சந்தேகம் மட்டும்தான், தீர்ப்பு இல்லை. மொழிபெயர்ப்பாளர் ‘கேட்பது’ என்பதைப் ‘படிப்பது’ என்று இந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்றியும் இருக்கலாம்.

சரி, தேடுவோம். இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். தமிழ் வாசகத்தை அப்படியே கூகுளில் போட்டால் அதே படமும் அதே வாசகமும் பக்கம் பக்கமாக வரும். ‘இத்தனை இடத்தில் இருக்கிறதே, அப்போ உண்மைதான்’ என்று தோன்றும். அத்தனையும் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவை. அவற்றின் எண்ணிக்கைக்குச் சாட்சியாக எந்த மதிப்பும் இல்லை. புத்தர் பெயரில் தமிழில் வரும் வாசகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தின் வழியாக வந்தவை. அதனால் ஆங்கில வடிவத்தை ஊகித்து, மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேட வேண்டும்:

```
"believe nothing" "no matter where you read it" buddha
```

இப்போதும் படங்கள் வரும். ஆனால் அவற்றுக்கு நடுவே சில பக்கங்கள் ஒரு பெயரைச் சொல்லும்: காலாம சூத்திரம். முதன்முதலாக ஒரு நூல் முகவரி கைக்கு வந்திருக்கிறது. பலர் இந்த இடத்தில் தேடலை முடித்துவிடுகிறார்கள். ‘காலாம சூத்திரத்தில் இருக்கிறது, சரிபார்த்துவிட்டேன்’ என்று பகிர்கிறார்கள். சூத்திரத்தின் பெயர் தெரிந்தது என்பதற்கும் சூத்திரத்தைப் படித்துப் பார்த்தோம் என்பதற்கும் நடுவில்தான் முழு வேலையும் இருக்கிறது.

படிப்பது கடினமும் இல்லை. உலாவியில் `suttacentral.net/an3.65` என்று தட்டினால் போதும். அங்குத்தர நிகாயம், மூன்றாம் தொகுதி, 65ஆவது சூத்திரம். பாலி மூலமும் பிக்கு சுஜாதோவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அங்கே இருக்கும், இரண்டையும் வரிக்கு வரி சேர்த்தும் பார்க்கலாம். பாலி தெரியாவிட்டால் இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுங்கள். `accesstoinsight.org` தளத்தில் தானிஸ்ஸரோ பிக்குவின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஒன்றில் இருக்கும் முக்கியமான சொல் இன்னொன்றில் இல்லை என்றால், அந்தச் சொல்லை மொழிபெயர்ப்பாளர் சேர்த்திருக்கலாம். இரண்டிலும் இல்லாத சொல் படத்தில் மட்டும் இருந்தால், அது படம் செய்தவரோ அவருக்கு முன்னே யாரோ சேர்த்தது.

சூத்திரம் என்ன சொல்கிறது? கோசல நாட்டில் நடந்து வரும் புத்தர், காலாமர் என்ற மக்கள் வாழும் கேசபுத்தம் என்ற ஊருக்கு வருகிறார். ஊர்க்காரர்கள் வந்து ஒரு குறையைச் சொல்கிறார்கள். இங்கே துறவிகளும் பிராமணர்களும் வருகிறார்கள், தங்கள் கொள்கையை உயர்த்திப் பேசுகிறார்கள், மற்றவர் கொள்கையைத் தாழ்த்துகிறார்கள். அப்புறம் வேறு சிலர் வருகிறார்கள், அவர்களும் அதையே செய்கிறார்கள். இவர்களில் யார் சொல்வது உண்மை, யார் சொல்வது பொய் என்று எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது, ஐயா என்கிறார்கள். நீங்கள் சந்தேகப்படுவது சரிதான், சந்தேகப்பட வேண்டிய இடத்தில்தான் சந்தேகம் வந்திருக்கிறது என்கிறார் புத்தர்.

பிறகு, எவற்றை மட்டும் வைத்து ஒன்றை ஏற்கக் கூடாது என்று பத்து சொல்கிறார். காதுவழியாக வந்தது என்பதற்காக வேண்டாம். வழிவழியாக வருகிறது என்பதற்காக வேண்டாம். ‘அப்படியாம்’ என்று ஊரே பேசுகிறது என்பதற்காக வேண்டாம். ஓதப்படும் நூல் தொகுப்போடு ஒத்துப்போகிறது என்பதற்காக வேண்டாம். இதுவரை நாம் எதிர்பார்த்ததுதான். அடுத்து வருவதைக் கவனியுங்கள்: தர்க்கத்தால் மட்டும் வேண்டாம், அனுமானத்தால் மட்டும் வேண்டாம், காரணங்களை அடுக்கி யோசித்துப் பார்த்தது என்பதற்காக வேண்டாம், யோசித்தபின் நம் கருத்தோடு பொருந்தி வந்தது என்பதற்காகவும் வேண்டாம். கடைசியாக, சொல்பவர் தகுதியானவராகத் தோன்றுகிறார் என்பதற்காக வேண்டாம், ‘இந்தத் துறவி நம் குரு’ என்பதற்காகவும் வேண்டாம்.

வைரல் வரி தூக்கிப் பிடிப்பது எதை? உன் புத்திக்குப் பொருந்துகிறதா என்பதை. சூத்திரம் போதாது என்று சொல்லும் பத்தில் நான்கு நம் புத்தியைப் பற்றியவை. “தக்கஹேது” என்று பாலியில் நேராகவே இருக்கிறது, அதாவது தர்க்கத்தின் காரணமாக. நம் கருத்தோடு பொருந்துகிறது என்பதால் ஒன்றை நம்பிவிடாதே என்பது மூலம். நம் அறிவோடு பொருந்தினால் நம்பலாம் என்பது படம். சுருக்கியதாலோ மொழிபெயர்ப்பின் தளர்வாலோ வரக்கூடிய வேறுபாடு இல்லை இது. முக்கியமான இடத்தில் கருத்து தலைகீழாகியிருக்கிறது.

அப்படியானால் புத்தர் எதைத்தான் அளவுகோலாகக் கொடுத்தார்? அதுவும் அங்கேயே இருக்கிறது. இந்தச் செயல்கள் தீயவை, குற்றமுள்ளவை, அறிவுடையோர் பழிப்பவை, இவற்றை மேற்கொண்டால் கேடும் துன்பமும் வரும் என்று நீங்களே அறியும்போது விட்டுவிடுங்கள். நல்லவை, அறிவுடையோர் புகழ்பவை, நன்மை தருபவை என்று நீங்களே அறியும்போது மேற்கொள்ளுங்கள். உடனே அதைச் செய்தும் காட்டுகிறார். ஒருவன் மனத்தில் பேராசை எழுந்தால் அது அவனுக்கு நன்மைக்கா, கேட்டுக்கா என்று கேட்கிறார். கேட்டுக்கு என்கிறார்கள் காலாமர்கள். ஆசையில் மூழ்கியவன் கொல்வான், திருடுவான், பிறன்மனை நாடுவான், பொய் சொல்வான், பிறரையும் அதற்குத் தூண்டுவான் அல்லவா? ஆமாம் ஐயா. வெறுப்பு? மயக்கம்? அதே கேள்விகள், அதே பதில்கள். நடைமுறையில் என்ன விளைகிறது என்று பார்ப்பது ஒன்று, அறிவுடையோர் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்ததுதான் சோதனை. தனியாக உட்கார்ந்து ‘என் புத்திக்கு எட்டவில்லை, அதனால் இல்லை’ என்று முடிவு கட்டுவதற்கு இங்கே இடம் இல்லை.

திரிபு எப்படி நேர்ந்தது என்பதை ஓரளவு புரிந்துகொள்ளலாம். இந்தச் சூத்திரத்தைச் சோம தேரர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கண்டியில் இருக்கும் பௌத்த வெளியீட்டுச் சங்கம் 1959இல் அதைச் சிறுநூலாகக் கொண்டுவந்தபோது சுதந்திர விசாரணைக்குப் புத்தர் தந்த சாசனம் என்ற பொருளில் துணைத்தலைப்பு வைத்தார்கள். மொழிபெயர்ப்பில் பத்தும் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் தலைப்பை மட்டும் நினைவில் வைப்பவர்களுக்கு, சூத்திரம் முழுவதும் ‘நீயே யோசி’ என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடும். இது அதிகமாகிவிட்டது என்று பிக்கு போதி 1988இல் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். காலாமர்கள் அப்போது புத்தரின் சீடர்கள் அல்லர், குழம்பி நின்ற ஊர்மக்கள், அவர்களுக்குச் சொன்ன பதிலை எல்லா இடத்துக்கும் பொதுவான கட்டளையாக எடுக்கக் கூடாது என்பது அவர் வாதம். சூழலை அறுத்துவிட்டு வரியை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

“நானே சொல்லியிருந்தாலும்” என்ற பகுதி மீதமிருக்கிறது. காலாம சூத்திரத்தில் ‘நான் சொன்னாலும் நம்பாதீர்கள்’ என்று புத்தர் எங்கும் சொல்லவில்லை. ‘இந்தத் துறவி நம் குரு’ என்ற பத்தாவது காரணம் அவருக்கும் பொருந்தும் என்று விளக்கலாம், அவ்வளவுதான். ஆனால் வேறு இடத்தில் இதற்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. பொன்னைச் சுட்டும் வெட்டியும் உரைத்தும் பார்ப்பது போல என் சொல்லைச் சோதித்து ஏற்றுக்கொள்ளுங்கள், பிக்குகளே, என்மீதுள்ள மரியாதைக்காக ஏற்காதீர்கள் என்று புத்தர் சொன்னதாக ஒரு சமஸ்கிருதச் சுலோகம். 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாந்தரட்சிதரின் தத்துவசங்கிரகத்தில் இருக்கிறது, திபெத்திய மரபில் மிகவும் புகழ்பெற்றது. பாலித் தொகுப்பில் இது இல்லை. இதை விரும்பிப் பகிர்பவர்கள் தாராளமாகப் பகிரலாம், ‘மகாயான மரபில் புத்தர் வாக்காக வரும் சுலோகம்’ என்று போட்டால் அது முழு உண்மை.

புத்தர் வாக்கு என்று வருவதில் இன்னொரு வகையும் இருக்கிறது, அதில் வரி சரியாக இருக்கும், ஆள் மாறியிருப்பார். “கோபத்தைப் பிடித்து வைத்திருப்பது, பிறர்மேல் எறிவதற்காக நெருப்புக் கங்கைக் கையில் எடுப்பது போன்றது, முதலில் சுடுவது உன்னையே.” இதற்கு உண்மையிலேயே பழைய மூலம் இருக்கிறது. ஆனால் அது சூத்திரம் இல்லை, விசுத்திமக்கம் என்ற பிற்கால பௌத்த நூல். அன்பைப் பயிற்சி செய்வது பற்றிய ஒன்பதாம் அத்தியாயத்தில், பகைவன்மேல் கோபம் தணியாதபோது தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியவற்றில் ஒன்றாக வருகிறது. எழுதியவர் புத்தகோசர். 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதியவர், புத்தருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் பிந்தியவர். நமக்கு அவர் அந்நியரும் அல்லர். காலாம சூத்திரம் இருக்கும் அங்குத்தர நிகாயத்துக்கு உரை எழுதியவரும் அவரே. அந்த உரையின் முடிவில், தன்னோடு முன்பு காஞ்சிபுரம் முதலிய ஊர்களில் தங்கியிருந்த ஜோதிபாலர் என்ற தேரர் கேட்டுக்கொண்டதால் எழுதினேன் என்று குறித்திருக்கிறார். அத்தனை பெருமை உள்ளவரின் உவமையை அவர் பெயரிலேயே பகிரலாமே. புத்தர் பெயர் போட்டால்தான் மதிப்பு என்று நினைப்பதில் புத்தகோசருக்கு இழைக்கப்படும் அநியாயமும் சேர்ந்திருக்கிறது.

மூலத்தைக் கண்டுபிடித்தபின்னும் ஓர் எல்லை உண்டு. அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது என்பதால் புத்தர் அதே சொற்களைப் பேசினார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. தேரவாத மரபு அவர் வாக்காகக் காத்துவந்தது என்றுதான் சொல்லலாம். காலாமர்களோடு நடந்த இந்த உரையாடல் சீன மொழியில் கிடைக்கும் மத்தியம ஆகமம் என்ற சூத்திரத் தொகுப்பிலும் இருக்கிறது, 16ஆம் சூத்திரமாக. அதில் புத்தர் சந்தேகத்தைப் பாராட்டுவதற்குப் பதில், சந்தேகப்படாதீர்கள், இவற்றைத் தெரிந்துகொள்ளத் தேவையான தெளிந்த ஞானம் உங்களிடம் இல்லை என்ற பொருளில் தொடங்கி, எது நல்வினை எது தீவினை என்று தானே நேராகப் போதிக்கிறார். ஒரே சந்திப்பை இரண்டு மரபுகள் இவ்வளவு வேறாகப் பாதுகாத்திருக்கின்றன. எது முந்தையது என்பது அறிஞர்கள் பேச வேண்டியது. பகிர்கிற நமக்கு இதிலிருந்து தேவைப்படுவது, ‘புத்தர் சொன்னார்’ என்பதோடு எந்த நூலின்படி என்பதையும் சேர்த்துப் போட வேண்டும் என்பதுதான்.

ஆக, அந்தப் படத்தை என்ன செய்வது? இருக்கிறபடி புத்தர் பெயரில் பகிரக் கூடாது. அவர் போதாது என்று ஒதுக்கிய ஒன்றையே அவர் வாயில் போடுகிறது. பெரியார் பெயரில் பகிர வேண்டும் என்றால், குடியரசிலோ விடுதலையிலோ எந்த இதழில், எந்தத் தேதியில், எந்தப் பேச்சில் என்று காட்ட வேண்டும். தான் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல் யோசித்துப் பார்க்கும்படி அவர் கேட்டுக்கொண்டவர்தான். இருந்தும் கருத்து ஒத்துப்போவது வேறு, வாக்கியம் அவருடையது என்பது வேறு. இரண்டுமே முடியாவிட்டால் பெயர் இல்லாமல் போடுங்கள்.

ஏறக்குறைய இதே பொருளில், முகவரியும் சந்தேகமில்லாமல் இருக்கிற வரி வேண்டும் என்றால் நம்மிடமே இருக்கிறது, குறள் 423: எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு. இதிலும் ‘நம்பாதே’ என்பது இல்லை, மெய்ப்பொருளைக் காண் என்பதுதான் இருக்கிறது. காலாமர்களுக்குச் சொன்ன பதிலுக்கு வைரல் வரியைவிட இது பக்கத்தில் நிற்கிறது.

புத்தரின் சொல்லையே பகிர விரும்பினால் பத்தையும் போட வேண்டியதில்லை. “‘அப்படியாம்’ என்று பேசப்படுவதால் ஏற்காதீர்கள், தர்க்கத்துக்குப் பொருந்துவதால் மட்டும் ஏற்காதீர்கள், ‘இவர் நம் குரு’ என்பதால் ஏற்காதீர்கள். நன்மை தரும், அறிவுடையோர் புகழ்வர் என்று நீங்களே அறியும்போது மேற்கொள்ளுங்கள். — காலாமர்களிடம் புத்தர், சுருக்கம், அங்குத்தர நிகாயம் 3.65” என்று எழுதினால் போதும். சுருக்கம் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், அது இருந்தால்தான் படிப்பவர் இதை நேர் மேற்கோளாக எடுக்க மாட்டார். எண்ணிலும் ஒரு சிக்கல் வரும். சில பதிப்புகள் இதே சூத்திரத்துக்கு 3.66 என்று எண் கொடுக்கின்றன, சிலவற்றில் ஊர்ப் பெயர் கேசமுத்தம் என்றும் சூத்திரத்தின் பெயர் கேசமுத்தி சூத்திரம் என்றும் இருக்கும். யாராவது ‘இந்த எண்ணில் வேறு ஏதோ இருக்கிறதே’ என்று கேட்டால், முன்னும் பின்னும் ஓர் எண் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.